ஐந்து பேருக்கு ஒரே பி.டி.எஃப்.

எங்கள் குடும்பத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் கமிட்டி போடுவார்கள். நடக்கக் கூடாதென்றாலும் கமிட்டிதான் போடுவார்கள். வீட்டை ஹோட்டல் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம் என்ற பேச்சு வந்ததும், பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து செய்த முதல் வேலை ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி அதற்குக் கமிட்டி என்று பெயர் வைத்தது. இரண்டாவது வேலை, அந்தக் குழுவில் சண்டை போட்டது.

வீடு காரைக்குடியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகளில் ஒன்று. கட்டியவர் எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா. அவருக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். அந்த ஐந்து கிளைகளும் இன்று நாற்பத்துச் சொச்சம் குடும்பங்களாகப் பெருகி சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், மெல்போர்ன் என்று பரவியிருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு முறை, முன்னோர்களுக்குப் படையல் போட்டுக் கும்பிடும் படைப்புக்கு வருவார்கள். வந்து, ஓடு உடைந்திருக்கிறது என்று வருத்தப்படுவார்கள். வருத்தப்பட்டுவிட்டு, உடைந்த ஓட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த வீட்டில் உண்மையில் குடியிருப்பது ஒரே ஒருவர். என் பெரியப்பா ஒருவரின் மூத்த மகன், எனக்கு அண்ணன் முறை, இறந்து பல வருஷமாகிறது. அவருடைய மனைவி. நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன்; எங்கள் பக்கம் பாட்டியை மட்டுமல்ல, மூத்த பெண்கள் எல்லோரையும் அப்படித்தான். அமராவதிபுதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டாம் கட்டில், அதாவது முதல் முற்றத்தைத் தாண்டிய பகுதியில், மேற்குப் பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் அவருக்கு. மீதி அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. சாவிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. மழை பெய்தால் எந்த அறையில் ஒழுகுகிறது என்று பூட்டிய கதவுக்கு வெளியே நின்று காதால் கேட்டுச் சொல்லக்கூடியவர் ஆச்சி மட்டும்தான்.

ஹோட்டல் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. வரைபடம் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கடிதம் தர வேண்டும். சம்மதமா, நிபந்தனை உண்டா, எந்தப் பகுதியை யாராவது தங்களுக்கு வைத்துக்கொள்கிறார்களா. எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி மொத்தமாக அனுப்ப வேண்டும். கடிதத்தில் ஒதுக்கச் சொன்ன பகுதியை மட்டும்தான் வரைபடத்தில் விட்டுவைப்பார்கள். சொல்லாத பகுதியெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். ஆச்சியின் இரண்டு அறைகளின் மேல் ஏற்கெனவே ‘மசாஜ்’ என்று பென்சிலால் எழுதியிருந்ததை முதல் நாள் வந்த ஆர்க்கிடெக்டின் பையிலிருந்த தோராய வரைவில் நானே பார்த்தேன். ஆக, ஆச்சி அந்த வீட்டில் இருப்பதும் வெளியேறுவதும் ஒரு கடிதத்தில் நின்றது.

பங்காளிகளிடம் கடிதம் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் காரைக்குடியில் உட்கார்ந்தபடி ஒரு கம்பெனிக்கு மென்பொருள் கையேடுகள் எழுதுகிறவன். "நீதான் எப்பவும் கம்ப்யூட்டர் முன்னால சும்மாதானே இருக்க" என்றார் கமிட்டித் தலைவரான பெரியப்பச்சி, அதாவது அப்பாவின் அண்ணன். ஐயாவின் பிள்ளைகளில் இன்று உயிரோடிருப்பவர் அவர் மட்டும்தான் என்பதால் அவருக்கு எல்லாம் சொல்ல உரிமை உண்டு. அவர் அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

கடிதங்கள் வேர்டு ஃபைல்களாக வந்தன. அவற்றைப் படித்த பிறகு என் உறவினர்கள்மேல் மிச்சமிருந்த மரியாதையும் போயிற்று. ஒருவர் தன் பட்டங்களை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதி, கடைசி வரியில் சம்மதம் என்று போட்டிருந்தார். இன்னொருவர் பிள்ளையார் படத்தை அரைப்பக்கத்துக்கு ஒட்டி, கீழே தன் மகனின் கல்யாணத்துக்கு ஹோட்டலில் இலவச அறை கேட்டிருந்தார். மெல்போர்ன்காரர் முழுக்கச் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார். ஏன் சிவப்பு என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது என்றார்.

ஆச்சியின் கடிதம் ஆறே வரி. தானே டைப் செய்திருந்தார். குத்தகைக்குத் தனக்கு ஆட்சேபமில்லை, இரண்டாம் கட்டில் மேற்கு அறைகள் இரண்டும் சமையற்கட்டும் தன் ஆயுள் வரை தனக்கு வேண்டும், பின்வாசல் வழியாகப் போய்வந்துகொள்கிறேன். அவ்வளவுதான். நாற்பத்துச் சொச்சம் கடிதங்களில் புத்தியுள்ள ஒருவர் எழுதியது என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

அடுத்த சண்டை ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது என்று வந்தது. ஒன்று, இரண்டு என்று எண் போடலாம் என்றேன். யார் ஒன்று என்று கேட்டார்கள். வயதுப்படி என்றேன். கிளையில் மூத்ததா, வயதில் மூத்ததா என்று கேட்டார்கள். இனிஷியல் சேர்க்கலாம் என்றதற்கு, அப்பா பேரின் எழுத்தா, குடும்பத்துக்கென்று வழங்கும் விலாச எழுத்தா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். கடைசியில் பெரியப்பச்சி தீர்ப்புச் சொன்னார். ஐந்து கிளைக்கும் ஐந்து ஃபோல்டர். அதற்குள் புள்ளியின் பெயர் மட்டும். முன்னும் பின்னும் ஓர் எழுத்துக் கூடாது.

எங்கள் கணக்கில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. குடும்பம் முழுவதும் அந்தப் பெயரில்தான் எழுதப்படும். அவர் இறந்துவிட்டால் மனைவி அரைப்புள்ளி. அப்போதும் பெயர் இறந்தவருடையதுதான். ஆகவே ஆச்சியின் ஆறு வரி, இறந்துபோன அண்ணனின் பெயரில் ஃபைலாக உட்கார்ந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர் வைப்போம். ஐயாவின் ஐந்து பிள்ளைகளும் அதைத் தவறாமல் செய்தார்கள். அதனால் ஐந்து கிளையிலும் மூத்தவன் பெயர் ஒன்றே, அட்சரம் பிசகாமல். என் கூடப் பிறந்த அண்ணன் பெயரும் அதுதான். இரண்டாவதாகப் பிறந்ததால் அம்மாவைப் பெற்றவர் பெயர் எனக்குக் கிடைத்துத் தப்பித்தேன். கல்யாண வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஐந்து தலை திரும்பும். இப்போது நான்கு.

பி.டி.எஃப். ஆக்கும் வேலையைப் பெரியப்பச்சி தன் கையில் வைத்துக்கொண்டு, முதலில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து சேமிக்க ஆரம்பித்தார். நாலு ஃபைல் முடிவதற்குள் யாராவது கடிதத்தை மாற்றி அனுப்புவார்கள். மறுபடி முதலிலிருந்து. இந்த நிலைமையில்தான் அவருடைய மகன், சிங்கப்பூரில் சாப்ட்வேரில் பெரிய பதவியில் இருப்பவன், வீடியோ கூட்டத்தில் தன் திரையை எல்லோருக்கும் காட்டினான். அவனும் ஐயாவின் பெயர்க்காரன்தான்.

"ஒவ்வொண்ணாத் திறக்கிறது எந்தக் காலம்? ஹெட்லெஸ்ஸா ஓட்டணும். ஒரே கமாண்டு, மொத்த ஃபோல்டரும் முடிஞ்சிரும்" என்றான்.

அதில் தப்பில்லை. நாங்கள் கடிதங்களைத் திறந்துவந்த இலவச ஆபீஸ் மென்பொருளை ஜன்னல் எதையும் திறக்காமல், பின்னால் மட்டும் ஓடச் செய்யலாம். எந்த ஃபைல்கள், என்னவாக மாற்ற வேண்டும், எங்கே போட வேண்டும் என்று மூன்றையும் ஒரே வரியில் சொன்னால் போதும். அவன் அடித்த வரியும் சரியான வரிதான்:

soffice --headless --convert-to pdf --outdir pdf */*.docx

எல்லா ஃபோல்டருக்குள்ளும் இருக்கிற வேர்டு ஃபைலை எடு, பி.டி.எஃப். ஆக்கு, ‘pdf’ என்கிற ஒரே ஃபோல்டரில் போடு. பெரியப்பச்சி கேமராவுக்கு மிக அருகில் வந்து பார்த்தார். எங்களுக்கு அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. திரையில் வரிகள் ஓடின. எந்த ஃபைல் எந்த பி.டி.எஃப். ஆகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நடுவில் ஓரிடத்தில் ‘ஓவர்ரைட்டிங்’ என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மறுபடியும். அப்புறம் இன்னொரு முறை.

"ஏதோ ஓவர்ரைட் ஆகுதே" என்றேன்.

"அது வார்னிங். பழைய ஃபைல் இருந்திருக்கும். கண்டுக்காதே" என்றான். பழைய ஃபைல் எதுவும் இல்லை. ஃபோல்டரைப் புதிதாக உண்டாக்கியதே அந்தக் கமாண்டுதான். இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் குழு முழுவதும் கைதட்டியது. எமோஜிக் கைகள். என் அண்ணன் சென்னையிலிருந்து மூன்று கை தட்டினான். அந்தக் கைதட்டலோடு சிங்கப்பூர்க்காரன் மொத்தத்தையும் கம்பெனிக்கு அனுப்பியும்விட்டான்.

நடந்தது இதுதான். பி.டி.எஃப்.புக்கு மென்பொருள் புதுப்பெயர் எதுவும் யோசிக்காது. வேர்டு ஃபைலின் பெயரையே வைக்கும். எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்பது அந்தப் பெயரில் இராது. ஐந்து கிளையிலிருந்தும் ஐயாவின் பெயரில் ஒவ்வொரு கடிதம் வந்து ஒரே இடத்தில் இறங்கியது. இரண்டாவது முதலாவதை அழித்தது, மூன்றாவது இரண்டாவதை. ஃபோல்டர்களின் அகரவரிசையில் கடைசியில் நின்றது சிங்கப்பூர்க்காரனின் கிளை. ஆக, மிஞ்சியது அவன் கடிதம் மட்டும்: முழுச் சம்மதம், நிபந்தனை எதுவுமில்லை. என் அண்ணனுடையது, வேறு இரண்டு பேருடையது, ஆச்சியுடையது, நான்கும் போயின. மென்பொருளுக்கு யார்மேலும் விரோதமில்லை. முட்டாள்தனமான ஒரு விதியை அது ஒழுங்காகப் பின்பற்றியது. எங்கள் குடும்பத்தில் அந்த அளவுக்கு ஒழுங்கானவர்கள் குறைவு.

கூட்டம் முடிந்ததும் பகிர்ந்திருந்த ஃபோல்டரைத் திறந்து சரிபார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். "என் லெட்டரை மட்டும் உள்ள சேத்துரு. மத்ததை அவுகவுக பாத்துக்கிருவாக" என்றான். கூடப் பிறந்தவன் என்பதால் திட்டாமல் வைத்துவிட்டேன். பிறகு பெரியப்பச்சியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொம்பளை எழுதுனதும் போயிருச்சா?"

"போயிருச்சு. திருப்பி ஓட்டுனா வந்துரும். மூலம் பத்திரமா இருக்கு."

"இங்க பாருப்பா" என்றார். குரல் திடீரென்று இனிமையாகிவிட்டது. "மத்த மூணு பேரோடதையும் தனியா எடுத்துச் சேத்துரு. அது இருந்துட்டுப் போகட்டும். நம்மளா ஒண்ணும் பண்ணலை. கம்ப்யூட்டராப் பண்ணுனது."

"அவுக அந்த வீட்டுலதான இருக்காக?"

"அரைப்புள்ளிக்கு என்ன தனி லெட்டரு? எங்குட்டாவது டவுன்ல ஒரு வீடு பாத்துக் குடுப்போம். எல்லாரும் ஒத்துமையாப் போறப்ப நடுவுல ஒரு கட்டையைப் போடாத."

இவர்கள் நெஞ்சழுத்தக்காரர்கள் என்றால்கூட நான் மதித்திருப்பேன். ஒரு விதவையைத் துரத்துவோம் என்று முடிவு செய்து, அதை அவளிடம் நேரே சொல்லக்கூடிய ஆளாக இருந்தால் அதுவும் ஒரு தைரியம். அந்தத் தைரியம் இல்லை. தாங்கள் செய்ய ஆசைப்பட்டதை ஒரு மென்பொருள் தற்செயலாகச் செய்ததும், அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார்கள். மூன்று ஆண்களுக்கு வேண்டுமென்றால் திருத்தலாம், ஒரு பெண்ணுக்கு என்றால் அது கம்ப்யூட்டர் செய்தது. எனக்கு இவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது.

மறுநாள் சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிராமத்து வீட்டுக்குப் போனேன். ஆச்சி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, காப்பி குடிக்கிறீகளா? கடுதாசியெல்லாம் அனுப்பிட்டீகளா?"

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. பெரியப்பச்சி சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அழுவார் என்று பயந்தேன். அவர் கேட்டதோ வேறு.

"அஞ்சும் ஒரே பேரா இருந்ததாலயா போச்சு?"

"ஆமா ஆச்சி. இப்ப கிளைக்கொரு ஃபோல்டர்ல தனித்தனியாப் போடச் சொல்லப் போறேன். போகாது."

"அவுக பேருல எதுக்குப் போடுறீக? எழுதுனது நான்தான. டைப் அடிச்சதும் நான்தான. என் பேரை வைங்க."

கமிட்டியின் விதி நினைவுக்கு வந்தது. புள்ளியின் பெயர் மட்டும், முன்னும் பின்னும் ஓர் எழுத்துக் கூடாது. அந்த விதியை உடைக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு அன்றைக்கு நல்ல காப்பி குடித்த மாதிரி இருந்தது. கடிதத்தை லேப்டாப்பில் திறந்து காட்டினேன். ஒரு முறை படித்து, சரி என்றார். வேர்டு ஃபைலின் பெயரை மாற்றினேன். ஒவ்வொரு கிளைக்கும் தனியாக ஒரு வெளியீட்டு ஃபோல்டர் வைத்து, கிளை கிளையாகக் கமாண்டு ஓடும்படி எழுதி ஓட்டினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. பிழைச் செய்திகூட இல்லை, பேசாமல் திரும்பிவிட்டது. ஆச்சி என்னைப் பார்த்தார்.

"இதுவும் கமிட்டியில சேந்துருச்சா?"

காரணம் எனக்குத் தெரியும். அவருக்குக் காட்டுவதற்காகத் திறந்த கடிதம் அதே மென்பொருளின் ஜன்னலில் திறந்தபடியே இருந்தது. ஜன்னல் ஒன்று திறந்திருக்கும்போது பின்னால் ஓடச் சொன்னால், பல சமயம் அது வாயைத் திறக்காமல் சும்மா இருந்துவிடும். ஜன்னலை மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன். இந்த முறை வரிகள் வந்தன. ‘ஓவர்ரைட்டிங்’ ஓரிடத்திலும் வரவில்லை. வேர்டு ஃபைல்களும் பி.டி.எஃப்.களும் எண்ணிக்கையில் ஒத்துப்போயின. ஆச்சி தன் பெயர் வந்த வரியைத் திரையில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, காப்பி போடப் போனார்.

அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு அனுப்பினேன். முதலில் அனுப்பியதில் கடிதங்கள் விடுபட்டுவிட்டன, இதுதான் முழுமையானது, பழையதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று எழுதி, பங்காளிகள் எல்லோரையும் நகலில் சேர்த்தேன். எல்லோருக்கும் தெரிந்து நடந்துவிட்ட காரியத்தை எதிர்க்க எங்கள் ஆட்களுக்கு வராது. பெரியப்பச்சி மட்டும் போனில் கத்தினார். குடும்பத்தைப் பிரிக்கிறாய் என்றார். சேர்ந்து இருந்தது எப்போது என்று கேட்டேன். வைத்துவிட்டார். சிங்கப்பூர்க்காரன், நீ ஓட்டிய ஸ்கிரிப்டை அனுப்பு, நான் ஆப்டிமைஸ் செய்து தருகிறேன் என்று செய்தி போட்டான். இன்னும் நான் பதில் போடவில்லை.

சில வாரம் கழித்து வரைபடம் வந்தது. இரண்டாம் கட்டில் மேற்கே இரண்டு அறையும் சமையற்கட்டும் கோடு போட்டுத் தனியாக விடப்பட்டிருந்தன. பின்வாசல் வழியும் அப்படியே இருந்தது. மசாஜ் கிழக்கே போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு பகுதியையும் எந்தக் கடிதத்தின்படி ஒதுக்கினார்கள் என்பதற்கு அந்த ஃபைலின் பெயரை அங்கேயே எழுதியிருந்தார்கள். அதனால் மேற்கு அறைகளின் மேல் ஆச்சியின் பெயர் இருந்தது.

வரைபடத்தைக் குழுவில் போட்டேன். வழக்கம்போல எமோஜிக் கைகள். பிறகு சிங்கப்பூர்க்காரன் கேட்டான்: மேற்கே ஒரு லேடி பேர் போட்டிருக்கே, யார் இது? ஹோட்டல் மேனேஜரா? மெல்போர்ன்காரர் தனக்கும் தெரியவில்லை என்றார். என் அண்ணன், நம் புள்ளியில் இப்படி ஒரு பேரே கிடையாது, தப்பாக வந்திருக்கும், திருத்தச் சொல்லு என்றான். அவர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவர்கள் எல்லோரும் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்.